வந்து, அதாவது, பார்த்தீங்கன்னா
(கோடைக்கானலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பூம்பாறையிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் தாண்டிக்குடியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். உங்களில் பலரிடம் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசியது, கல்லூரியில் ஒரு பேராசிரியர் ஆற்றிய உரை, சோலைக்காடு பற்றி ஒரு வனக்காவலர் சொன்னது. அவற்றை எழுத்தில் கொண்டுவந்து அச்சிட வேண்டும் என்கிறீர்கள். கேட்டபடியே எழுதினால் படிக்க முடிவதில்லை, திருத்தி எழுதினால் பேசியவர் "இது நான் சொன்னதில்லையே" என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் கொழும்பு வழியாகப் பாம்பனில் வந்து இறங்கினார். இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம், சென்னை என்று வழிநெடுகப் பேசினார். அந்தப் பேச்சுகளை நாம் இன்று புத்தகமாகப் படிக்கக் காரணம் கூடவே வந்த ஒரு சுருக்கெழுத்தாளர், ஜே. ஜே. குட்வின் என்ற ஆங்கிலேயர். அடுத்த ஆண்டே, 1898 ஜூனில், அவர் உதகையில் இறந்துபோனார். நான் இவரை நினைவுகூர்வதற்கு ஒரு காரணம் உண்டு. சுருக்கெழுத்தாளரின் கை "ஆ… ம்…" என்பதை எழுதாது. பேச்சாளர் ஒரு சொல்லைத் தொடங்கி விட்டுவிட்டு வேறு சொல்லுக்குப் போனால், கை இரண்டாவது சொல்லைத்தான் பிடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதித் திருத்தம் முடிந்துவிடும். அந்தக் காலத்துப் பேச்சாளர்கள் எல்லாரும் தங்குதடையின்றிப் பேசினார்கள் என்று நாம் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று கைப்பேசி எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறது. இருமல், தயக்கம், பாதியில் விட்ட வாக்கியம், "என்ன சொல்ல வந்தேன்" என்ற முனகல், எதுவும் தப்புவதில்லை. குட்வினின் கை அந்த நொடியில் எடுத்த முடிவை நாம் பிறகு மேசையில் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. நிதானமாக எடுக்கலாம் என்பது நமக்குக் கிடைத்த வசதி. பேசியவரின் முகத்தைப் பார்க்காமல் எடுக்கிறோம் என்பது ஆபத்து.

என்ன எல்லைக்குள் திருத்தலாம் என்பதற்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பேச்சுப் பதிவுக்கு ஒரு வரையறை சொன்னார்கள். திரும்பத் திரும்ப வருவதையும் வேண்டாத சொல்லையும் விடலாம், வெளிப்படையான பிழையைச் சரிசெய்யலாம். ஆனால் பொருளுக்கு எதையாவது சேர்க்கிற ஒன்றையும் வாதத்தை விளக்குகிற ஒன்றையும் விடக்கூடாது. நல்ல வரையறைதான். ஆனால் "பொருளுக்கு எதையாவது சேர்க்கிற ஒன்று" எது என்று தமிழ்ப் பேச்சில் கண்டுபிடிப்பது எளிதல்ல. தமிழ் தன் முக்கியமான செய்திகளைச் சில சமயம் ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும் வைத்திருக்கிறது. குப்பை என்று கூட்டித் தள்ளுகிற இடத்தில்தான் அவை கிடக்கும்.

ஒரு பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம். இது எந்த ஒருவருடைய பேச்சும் அல்ல. இங்கே மேலே இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒருவர் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படிக் காதில் விழும் பேச்சை வைத்து நானே ஆக்கிய மாதிரி.

"இப்ப வந்து, இந்த ஆய்வுக்கூடம் இருக்கு பாருங்க, இது ஆரம்பிச்சது வந்து 1899-ல. அதாவது மெட்ராஸ்ல இருந்த, நுங்கம்பாக்கத்துல இருந்த அந்தப் பழைய… அங்க இருந்துதான் இங்க கொண்டு வந்தாங்க. ஏன்னா, என்னன்னா, பஞ்சம். 1870-கள்ல ஒரு பெரிய பஞ்சம் வந்துச்சு இல்லீங்களா, அப்ப சூரியனுக்கும் மழைக்கும் ஏதோ ஒரு… சூரியப் புள்ளி கூடினா மழை… மழை மாறும்னு ஒரு, ஒரு எண்ணம் இருந்துச்சாம். அதுக்காகத்தான். அப்புறம் எவர்ஷெட் வந்தாரு, 1906, இல்ல, 1907-ல. அவங்க வந்து, அவரும் அவங்க மனைவியும்… அவரு 1909 ஜனவரில பார்த்தீங்கன்னா ஒரு புள்ளியப் பார்த்தாரு. பார்த்தீங்கன்னா, அதுல இருந்து வாயு வந்து வெளிய, ஒரு ரெண்டு கிலோமீட்டர் வேகத்துல, செகண்டுக்கு, ஓடி வருது."

காதால் கேட்கும்போது இதில் ஒன்றும் தவறாகத் தெரியாது. நல்ல பேச்சு என்றே சொல்வோம். கண்ணால் படித்தால் மூச்சு முட்டுகிறது.

எழுத்தாக்குபவர் முதல் சுற்றில் ஒரு சொல்லையும் நீக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேட்டபடியே, தயக்கத்துக்குப் புள்ளிகள் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பதிவின் நேரத்தை ஓரத்தில் குறித்து, முழுவதையும் எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தக் கேட்கும்போதே திருத்தி எழுதுபவர்கள் உண்டு. அவர்கள் எதை விட்டார்கள் என்பது பிறகு அவர்களுக்கே தெரியாது.

இரண்டாவது சுற்றில் "வந்து" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பேச்சில் அதிகம் வரும் இட்டுநிரப்பி அதுதான். கணினியில் தட்டச்சு செய்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை வரும்: "வந்து" என்பதைத் தேடி எல்லா இடத்திலும் ஒரே அழுத்தில் நீக்கிவிடலாமே என்று. செய்து பாருங்கள். "பஞ்சம் வந்துச்சு" என்பது "பஞ்சம் ச்சு" ஆகிவிடும். இது பரவாயில்லை, கண்ணில் படும். கண்ணில் படாமல் நடக்கும் பிழைதான் கொடியது. "மழை வந்து நின்றது" என்று ஒருவர் சொல்லியிருப்பார். நீக்கிவிட்டால் "மழை நின்றது" என்று ஒழுங்கான வாக்கியமாக நிற்கும். பெய்த மழையே காணாமல் போயிருக்கும். "யானை வந்து பாதையில நின்னுச்சு" என்பதற்கும் இதே கதிதான். வந்த யானையும் நின்ற யானையும் பாதைப் பயணிக்கு ஒன்றல்ல.

எப்படிப் பிரித்தறிவது? "வந்து" என்பதற்கு முன்னால் இருப்பது உண்மையில் வரக்கூடிய ஒன்றா, அதை எடுத்தால் ஒரு செயல் குறைகிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். "ஆரம்பிச்சது வந்து 1899-ல" என்பதில் எதுவும் வரவில்லை. அங்கே பேச்சாளர் ஆண்டை நினைவுக்குக் கொண்டுவர ஒரு கணம் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். "வாயு வந்து வெளிய" என்பது கொஞ்சம் சிக்கல். வாயு வரக்கூடியதுதான். ஆனால் வாக்கியத்தின் முடிவில் "ஓடி வருது" என்று வருகை தனியாகச் சொல்லப்பட்டுவிட்டது. பதிவைக் கேட்டால் "வந்து" என்பதற்குப் பின்னால் குரல் தொங்கி நிற்கும். செயலைச் சொல்லும் "வந்து" அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகும். காதில் கேட்காமல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய முடியாத இடங்கள் இருக்கின்றன. "பார்த்தீங்கன்னா" என்பதும் இப்படித்தான். நம் மாதிரியில் எவர்ஷெட் பார்த்ததும் பேச்சாளர் நம்மைப் பார்க்கச் சொல்வதும் ஒரே வரியில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று நிற்க வேண்டும், மற்றவை போகலாம்.

"அதாவது" என்பதை நான் எளிதில் நீக்க மாட்டேன். அது இரண்டு வேலை செய்கிறது. சொன்னதை விளக்க வருகிறேன் என்பது ஒன்று, சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் என்பது இன்னொன்று. விளக்கமாக இருந்தால் அது எழுத்திலும் இருக்கட்டும். மாற்றமாக இருந்தால் முன்னால் சொன்னதோடு சேர்த்து அதுவும் போகும். இரண்டும் இல்லாமல், நம் மாதிரியில் இருப்பதுபோல, அடுத்த வாக்கியத்தைத் தொடங்க ஒரு பிடிமானமாக வந்தால் நீக்கலாம்.

இனி, பாதியில் விட்ட தொடக்கங்களுக்கு வருவோம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் மிகவும் பயந்து செய்யும் பகுதியும் இதுதான்.

பொதுவான விதி எளியது: பேச்சாளர் கடைசியாகச் சொன்னதை வைத்துக்கொள், முன்னால் விட்டதை நீக்கு. "1906, இல்ல, 1907-ல" என்றால் 1907. எவர்ஷெட் இங்கே வந்தது 1907-இல் என்பதால் இந்த இடத்தில் விதியும் உண்மையும் ஒத்துப்போகின்றன. ஆனால் இதே விதியை அடுத்த இடத்தில் வைத்தால் வாக்கியம் குப்புற விழுகிறது. "மெட்ராஸ்ல இருந்த, நுங்கம்பாக்கத்துல இருந்த அந்தப் பழைய… அங்க இருந்துதான் இங்க கொண்டு வந்தாங்க." கடைசியாகச் சொன்னது "அங்க இருந்துதான் இங்க கொண்டு வந்தாங்க" என்பது. எங்கேயிருந்து? "அங்க" என்பதன் பொருள் முழுவதும் விட்டுப்போன துண்டில் இருக்கிறது. கேட்டவர்கள் அந்தத் துண்டைக் காதில் வாங்கிக்கொண்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் பேச்சாளர் மேலே போகிறார். எழுத்தில் துண்டை நீக்கினால் "அங்க", "அவரு", "அது", "அப்படி" என்ற சுட்டுச் சொற்கள் எல்லாம் வெறும் காற்றைச் சுட்டும். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நடத்த முடியும் என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. ஆகவே ஒரு துண்டை நீக்குவதற்கு முன்னால், அடுத்த இரண்டு வாக்கியங்களில் வரும் ஒவ்வொரு சுட்டுச் சொல்லும் எதைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். துண்டில் இருக்கும் பெயர்ச்சொல் வேறெங்கும் இல்லையென்றால் அதை எடுத்து முழு வாக்கியத்துக்குள் சேர்க்க வேண்டும். "பழைய" என்பதற்குப் பிறகு அவர் சொல்லாமல் விட்ட சொல் ஆய்வுக்கூடம்தான் என்பதில் ஐயமில்லை. அதைச் சேர்க்கலாம், ஆனால் சதுர அடைப்புக்குள். அந்தச் சொல் பேசியவருடையதல்ல என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. "சூரியப் புள்ளி கூடினா மழை… மழை மாறும்னு ஒரு எண்ணம்." இங்கே "மழை" இரண்டு முறை வருகிறது, ஒன்றை நீக்கு என்று கை சொல்லும். நீக்கலாம். ஆனால் நீக்குவதற்கு முன்னால் அந்தத் தயக்கம் ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும். "மழை கூடும்" என்றோ "மழை குறையும்" என்றோ சொல்ல வாயெடுத்து, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று பட்டதால் "மாறும்" என்ற பொதுச் சொல்லுக்கு அவர் பின்வாங்கியிருக்கலாம். பஞ்சத்தின் பின்னணியில் சூரியனைக் கவனித்தால் பருவமழையை முன்கூட்டி அறியலாமோ என்ற எதிர்பார்ப்பு அன்றைய அரசுக்கு இருந்தது உண்மை. அது எந்தத் திசையில் என்பதில் பேச்சாளர் தன்னைக் கட்டிப்போட விரும்பவில்லை. விவரம் தெரிந்த ஒரு திருத்துநர், வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று "மழை கூடும்" என்று நிரப்பினால் பேச்சாளர் வேண்டுமென்றே சொல்லாததை அவர் பெயரில் அச்சிடுகிறார். "மாறும்" என்பது "மாறும்" என்றே இருக்கட்டும்.

அதே வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்: "இருந்துச்சாம்." இதை எழுத்து நடைக்கு மாற்றும்போது "இருந்தது" என்று எழுதுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த "ஆம்" போய்விட்டது. நான் கேள்விப்பட்டேன், நானே ஆவணம் பார்க்கவில்லை என்று பேச்சாளர் நேர்மையாகச் சொன்னது போய்விட்டது. "இருந்ததாம்" என்று எழுத வேண்டும். இந்த மலையில் பளியர் குடிகளின் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்ததற்கும் பாட்டன் சொல்லிக் கேட்டதற்கும் உள்ள வேறுபாடு அவர்கள் பேச்சில் பெரும்பாலும் அந்த ஓரெழுத்து நீட்சியில்தான் இருக்கும்.

இதே இனத்தைச் சேர்ந்தது "ஒரு". "ஒரு, ஒரு எண்ணம்" என்பதில் ஒன்று வீண். ஆனால் "ஒரு ரெண்டு கிலோமீட்டர்" என்பதில் வருவது வீணல்ல. ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்து வருகிறதே, தடுமாற்றம் போலிருக்கிறது என்று நீக்கினால் "இரண்டு கிலோமீட்டர்" என்று துல்லியமான அளவாக நின்றுவிடும். அவர் சொன்னது ஏறக்குறைய இரண்டு. எண்ணுக்கு முன்னால் வரும் "ஒரு" எழுத்தில் "சுமார்" ஆக வேண்டும். அறிவியல் பேச்சில் இந்த ஒரு பிழை ஒரு மதிப்பீட்டை அளவீடாக மாற்றிவிடும்.

மூன்றாவது சுற்று, பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்குவது. விகுதிகளை மாற்றுங்கள், சொற்களை மாற்றாதீர்கள் என்பதுதான் நான் வைத்திருக்கும் எல்லை. "கொண்டு வந்தாங்க" என்பது "கொண்டு வந்தார்கள்" ஆகலாம். "இடமாற்றம் செய்யப்பட்டது" ஆகக்கூடாது. "மெட்ராஸ்" என்றவர் வாயில் "சென்னை"யை வைக்க வேண்டாம். "செகண்ட்" அப்படியே இருக்கட்டும்.

விகுதியிலும் பொறி இருக்கிறது. பேச்சில் "போனா" என்பது "போனாள்" என்றும் ஆகும், "போனால்" என்றும் ஆகும். "அவங்க" என்பது மதிப்புக்குரிய ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். நம் மாதிரியில் "அவங்க வந்து, அவரும் அவங்க மனைவியும்…" என்று ஒரு துண்டு தொங்குகிறது. முதல் "அவங்க" எவர்ஷெட்டா, இருவருமா? "நாம" என்று சொன்னதை "நாங்கள்" என்று எழுதினால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரையும் வெளியே தள்ளிவிடுகிறோம். தானாக வருகிற மாற்றம் என்று நினைத்துக் கை வேகமாக ஓடும் இடங்கள் இவை.

சொல் வரிசையையும் கொஞ்சம் தொடலாம். பேசும்போது வினைக்குப் பின்னாலும், வேகத்துக்குப் பின்னாலும் மறந்ததைச் சேர்ப்போம். "வேகத்துல, செகண்டுக்கு" என்பதை "செகண்டுக்கு… வேகத்தில்" என்று இடம் மாற்றினால் போதும்.

இப்போது மாதிரி இப்படி வரும்:

"இந்த ஆய்வுக்கூடம் ஆரம்பித்தது 1899-இல். மெட்ராஸில், நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய [ஆய்வுக்கூடத்தில்] இருந்துதான் இங்கே கொண்டு வந்தார்கள். காரணம் பஞ்சம். 1870-களில் ஒரு பெரிய பஞ்சம் வந்தது இல்லையா? சூரியப் புள்ளி கூடினால் மழை மாறும் என்று அப்போது ஓர் எண்ணம் இருந்ததாம். அதற்காகத்தான். அப்புறம் 1907-இல் எவர்ஷெட் வந்தார். 1909 ஜனவரியில் அவர் ஒரு புள்ளியைப் பார்த்தார். அதிலிருந்து வாயு, செகண்டுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில், வெளியே ஓடி வருகிறது."

"ஏன்னா, என்னன்னா" என்ற இரண்டுக்கும் பதிலாகக் "காரணம்" என்று எழுதியிருக்கிறேன். சொற்களை மாற்றாதே என்ற என் எல்லையை இங்கே நானே ஒரு சொல்லளவு தாண்டியிருக்கிறேன். "ஏனென்றால் பஞ்சம்" என்றும் வைக்கலாம். எனக்கு அது வாயில் நிற்கவில்லை. "இல்லீங்களா" என்பதைக் கேள்வியாகவே வைத்தேன். அது அவையைப் பார்த்துக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் ஐம்பது முறை வந்தால் பெரும்பாலானவை போகும், ஆனால் அவை பதில் சொன்ன இடங்கள் நிற்கும். "அதற்காகத்தான்" என்ற குட்டி வாக்கியத்தை முந்தைய வாக்கியத்தோடு ஒட்டவில்லை. அது அவருடைய மூச்சு. எல்லாக் குட்டி வாக்கியங்களையும் இணைத்து நீளமாக்கினால் எல்லாப் பேச்சாளர்களும் ஒரே குரலில் பேசுவார்கள்.

திருத்தி முடித்தபின் நான் செய்கிற சோதனை ஒன்று உண்டு. பதிவை ஓடவிட்டு, திருத்திய தாளைக் கையில் வைத்து, இருவர் உட்கார்ந்து கேட்பது. ஒருவர் கேட்பார், ஒருவர் படிப்பார். பார்க்க வேண்டியவை எண்கள், ஆண்டுகள், "இல்லை" என்ற சொல், "ஆம்" விகுதி, "நினைக்கிறேன்", "போல", "தான்", "மட்டும்". இவற்றில் ஒன்று பதிவில் இருந்து தாளில் இல்லையென்றாலோ, தாளில் இருந்து பதிவில் இல்லையென்றாலோ நின்று பார்க்க வேண்டும். அழகான வாக்கியம் வந்தாலும் நிற்க வேண்டும். அது பேசியவருடையதா, திருத்தியவருடையதா என்று கேட்க வேண்டும்.

கடைசியாக, நான் தாளில் விட்டுவிட்ட ஒன்று. "அவரும் அவங்க மனைவியும்…" என்ற துண்டு திருத்திய பத்தியில் இல்லை. எவர்ஷெட்டின் மனைவி மேரியும் வானியலாளர், கணவரோடு இந்த மலைக்கு வந்து வாழ்ந்தவர். பேச்சாளர் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, எதனாலோ விட்டுவிட்டார். அதை நிரப்ப எனக்கு உரிமையில்லை. சத்தமில்லாமல் நீக்கவும் மனம் வரவில்லை. இப்படிப்பட்ட இடங்களைத் தனியாக எழுதி, பதிவின் நேரத்தோடு பேச்சாளருக்கு அனுப்புங்கள்: "இங்கே என்ன சொல்ல வந்தீர்கள்?" அவர் ஒரு வாக்கியம் தந்தால் அதை அடிக்குறிப்பாகப் போடுங்கள், பேச்சுக்குள் நுழைக்காதீர்கள். அவர் இப்போது இல்லையென்றால் துண்டை மூன்று புள்ளிகளோடு அப்படியே அச்சிடுங்கள். பத்தியின் தலைப்பில் "பேச்சாளர் பார்வையிட்டது" என்றோ "பார்வையிடாதது" என்றோ ஒரு வரி இருக்கட்டும். முதல் சுற்றில் எழுதிய முழு எழுத்தாக்கத்தையும் ஒலிப்பதிவையும் அழிக்காமல், அச்சான பிரதியோடு அதே உறையில் வையுங்கள்.